போகித் தாளின் பின்பக்கம்

என் அம்மாவுக்கு எழுந்ததும் முதல் வேலை தேதி கிழிப்பது. முகம் கழுவுவது, அடுப்புப் பற்றவைப்பது எல்லாம் அப்புறம்தான். நான் வேலை பார்க்கும் கோவில்பட்டி ஜவுளிக்கடையில் வருடா வருடம் கொடுக்கும் தினசரி காலண்டர் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும். அதில் நேற்றைய தாளைச் சரக்கென்று கிழித்து இன்றைய தேதியை வெளியே கொண்டுவந்தால்தான் அவளுக்குப் பொழுது விடியும். கிழித்த தாளைக் கசக்கிப் போடமாட்டாள். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று போன் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். "சும்மா கெடக்க தாளு, எழுத ஆகும்லா" என்பாள். இந்தச் சிக்கனம் எங்களை எந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

பசுவந்தனைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் தங்கையை நாகலாபுரம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்கு உளுந்தும் மக்காச்சோளமும் விளைகிற கரிசல் நிலம் இருக்கிறது, சொந்த டிராக்டர் இருக்கிறது என்று விசாரித்தோம். கை நீட்டி அடிப்பானா என்று விசாரிக்கத் தோன்றவில்லை. எவர் வீட்டிலும் தோன்றுவதில்லை, அந்தக் கேள்வியைக் கேட்டால் பெண் வீட்டாருக்குத் திமிர் என்பார்கள்.

கல்யாணமான கொஞ்ச நாளிலேயே தங்கை போனில் பேசுவது குறைந்துவிட்டது. அம்மாவிடம் பேசினால், "என்னத்தப் பத்த வைக்க?" என்று அவன் போனைப் பிடுங்குவானாம். அதனால் அம்மாவும் அவளும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். சாயங்காலம் ஒரு மிஸ்டு கால் வந்தால், நல்லாயிருக்கேன். இரண்டு வந்தால், நல்லாயில்லை, எதையாவது சாக்காக வைத்துக் கூப்பிடு. ரொம்ப முடியாத நாளில் காட்டு வேலைக்குப் போகிற வழியில் வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்புவாள். அனுப்பிய கையோடு தன் போனில் மட்டும் அழித்துவிடுவாள். அம்மா போனில் அது அப்படியே இருக்கும்.

அம்மா ஐந்தாம் வகுப்பு. ஆனால் எழுதுவாள், கோழி கிண்டிய மாதிரி. மிஸ்டு கால் வந்ததும் அன்றைக்குக் கையருகே கிடக்கும் தாளின் பின்னால் 'ஒண்ணு', 'ரெண்டு' என்று குறிப்பாள். பேசியிருந்தால் என்ன பேசினாள் என்று நாலு வரி. பிறகு மளிகைக் கடையில் ரசீது குத்துவார்களே, அந்த மாதிரி ஒரு கம்பியில் குத்திவைப்பாள். எதற்கு என்று கேட்டால், "மனசுல நிக்க மாட்டேங்கு. என்னைக்காவது அவன்ட்ட கேக்கணும்லா" என்பாள்.

அந்த நாள் வந்தது. தூத்துக்குடியில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தவன், ஏன் நீ வரவில்லை, ஊர் முன்னால் என்னை ஒற்றையாய் நிற்க வைத்தாயா என்று ஆரம்பித்திருக்கிறான். முந்தைய அடியில் கன்னம் வீங்கியிருந்தவள் எப்படிக் கல்யாணத்துக்குப் போவாள்? அதை அவனிடமே கேட்டுவிட்டாள், பாவி மகள். தலையைச் சுவரில் மோதி, வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டான். அவளுடைய ஆறு வயசுப் பெண் பிள்ளை உள்ளே. தங்கை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அனுப்பிய குரல் இன்னும் அம்மா போனில் இருக்கிறது.

"யம்மா, அவிய அடிச்சிட்டாவ. வெளிய தள்ளிட்டாவ. பிள்ள உள்ள கெடக்கா, கத்துதா. நான் வாரேன்மா."

அடித்தவனையும் 'அவிய' என்றுதான் சொன்னாள். அந்த மரியாதையை மட்டும் எங்கள் ஊர்ப் பெண்களின் நாக்கிலிருந்து எந்த அடியாலும் உதிர்க்க முடியாது.

எட்டயபுரம் வழியாக பஸ் மாறி வந்து சேர்ந்தாள். நாலு நாள் அவளுக்குத் தலை நேராக நிற்கவில்லை. எது நேற்று, எது இன்று என்றே பிடிபடவில்லை. மகளிர் காவல் நிலையத்தில் என்றைக்கு நடந்தது என்று கேட்டார்கள். அவள் முழித்தாள். அம்மா சட்டென்று கம்பியிலிருந்து உருவிவந்த தாளை நீட்டினாள். பின்னால் 'மகள அடிச்சு வெரட்டிட்டான். பிள்ள அங்க' என்று இருந்தது. முன்னால் வியாழக்கிழமை. அவர்களும் வியாழன் என்றே எழுதிக்கொண்டார்கள். பிறகு கோவில்பட்டி நீதிமன்றத்தில் பிள்ளையைக் கேட்டுப் போட்ட மனுவிலும் வியாழன் ஏறிவிட்டது.

அவன் தரப்பில் பதில் வந்த அன்று எங்கள் வக்கீலம்மா எங்களைக் கூப்பிட்டுவிட்டார். நடுவயசு, குரலை உயர்த்தாமல் திட்டுகிற ஆள். மேசையில் நாலு போட்டோக்களைப் பரப்பினார். கல்யாண மேடையில், பந்தியில், மண்டப வாசலில் என்று அவன் பட்டுவேட்டியில் சிரித்துக்கொண்டு நின்றான். பின்னாலிருந்த பலகையில் மணமக்கள் பெயரோடு தேதியும் பூவால் எழுதியிருந்தது. வியாழக்கிழமை.

"அன்னைக்குப் பூரா அவர் தூத்துக்குடியில. மறுநா மத்தியானம்தான் ஊருக்கு வந்திருக்காரு. நீங்க வியாழக்கெழம அடிச்சாருன்னு எழுதியிருக்கீங்க. இப்ப நான் என்ன சொல்லட்டும்?"

"யம்மா, வந்துட்டுதான் அடிச்சாவ" என்றாள் தங்கை.

"அப்ப வெள்ளிக்கெழம. பொறவு ஏன் வியாழன்னு குடுத்தீங்க? பொய்யின்னு சொல்லுதாங்க. அவளே பிள்ளைய விட்டுட்டுப் போனா, இப்ப கத கட்டுதான்னு சொல்லுதாங்க. தேதி விழுந்துட்டா எல்லாம் விழுந்துரும். பிள்ள அங்கனதான் இருக்கும்."

பிள்ளையின் பள்ளிக்கூட ரிப்பன் ஒன்று எப்படியோ தங்கையின் பையில் வந்துவிட்டிருந்தது. அதை அவள் விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

குரல் பதிவு வெள்ளிக்கிழமையில்தான் இருக்கிறதே என்று போனைக் காட்டினேன். வக்கீலம்மா தலையை ஆட்டினார். தாளில் வியாழன், போனில் வெள்ளி என்றால், அடி வாங்கிய கதையை மறுநாள் உட்கார்ந்து பேசிப் பதிந்தார்கள் என்பார்களாம். ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இரண்டு சாட்சியை விட ஒரு சாட்சியும் இல்லாதது மேல் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, செய்யவேண்டியதைச் சொன்னார். கம்பியிலிருக்கும் ஒவ்வொரு தாளையும் முன்னும் பின்னும் இன்றைக்கே போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிடு. அசலில் ஒரு புள்ளிகூட வைக்கக்கூடாது. வரிசை நம்பர் போடுவதெல்லாம் ஜெராக்ஸ் நகலில்தான். குரல் பதிவுகளை உன் போனுக்கு அனுப்பி அதை ஆதாரமென்று தூக்கிக்கொண்டு வராதே, அங்கே அனுப்பிய நாள்தான் விழும். அம்மா போனிலேயே இருக்கட்டும், அந்தப் போனை மாற்றவோ சுத்தம் செய்யவோ கடையில் கொடுக்காதே. போனிலிருக்கும் அழைப்புப் பட்டியலில் பழையது தானாகக் கழிந்துகொண்டே போகும், இருக்கிறவரை திரையைப் படம் எடு.

"கம்பெனிக்காரங்ககிட்ட கேட்டு வாங்க முடியாதா?" என்றேன்.

"கோர்ட் மூலமா கேட்டுருவோம். ஆனா எடுக்காத மிஸ்டு கால் அதுல வரும்னு நம்பாத. போன்ல இருக்கதுதான் நமக்கு. இன்னொண்ணு, தெரியாதத தெரியாதுன்னு எழுது. இட்டுக்கட்டி ஒரு கட்டம் நிரப்புனா, சரியா நிரப்புனது அம்புட்டும் போச்சு."

அன்றைக்கே படங்களை எடுத்து அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. வீட்டுத் தரையில் நகல்களைப் பரப்பினேன். பெரிய தாளில் கோடு போட்டேன். ஒரு பக்கம் அம்மாவின் தாள், அடுத்தது போனில் இருந்த அழைப்பு, அடுத்தது குரல் பதிவு. ஃபேனை நிறுத்தியாயிற்று, இல்லையென்றால் எல்லாம் பறக்கும். வேர்வையில் நகல்கள் கையில் ஒட்டின. தங்கை ஒவ்வொரு குரலாகப் போட்டுக் காதில் வைத்துக் கேட்டு, எந்தத் தாளோடு சேரும் என்று சொல்லவேண்டும். தன் அழுகையைத் தானே கேட்டு வகைப்படுத்துகிற வேலை. மூன்றாவது பதிவிலேயே போனைக் கவிழ்த்துவிட்டு எழுந்துபோய் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "அக்கா, அடுத்தத எடு" என்றாள். அவனை அந்த நிமிஷம் என் கையில் கொடுத்திருந்தால் நான் கொலைகாரி ஆகியிருப்பேன்.

ஒன்றும் சேரவில்லை. அம்மா 'ரெண்டு' என்று எழுதியிருக்கும் நாளில் போனில் ஒன்று இருக்கிறது. 'ஒண்ணு' என்றிருக்கும் நாளில் ஒன்றுமே இல்லை. எனக்கு வந்ததே கோபம், கொஞ்சநஞ்சமில்லை.

"என்னத்தம்மா எழுதி வச்சிருக்க? கண்ண மூடிக்கிட்டு எழுதுனியா? உன்ன நம்பி அவ பிள்ளையத் தொலைக்கணுமா?"

அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் பொய்யா எழுதல ஏட்டி. வந்ததுமே எழுதிருவேன்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நகலை எடுத்தேன். பின்பக்கத்தில், 'பொங்கல் வச்சாச்சு. கரும்பு நல்லால்ல. மக ரெண்டு'. திருப்பினேன். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போகிப் பண்டிகை என்று அச்சடித்திருந்தது.

"யம்மா, நீ எந்த வருசமாவது போகிக்குப் பொங்கல் வச்சிருக்கியா?" என்றேன்.

"கிறுக்கு பிடிச்சிட்டா உனக்கு? போகிக்கு எவளாவது பொங்கல் வைப்பாளா?"

கண்முன்னாலேயே இருந்திருக்கிறது. காலையில் அவள் கிழிப்பது நேற்றைய தாள். கையில் இருப்பது நேற்றைய தாள். அதன் பின்னால் எழுதுவது இன்றைய சேதி. ஒவ்வொரு தாளும் ஒரு நாள் பின்னால் நிற்கிறது. வியாழக்கிழமைத் தாளை அவள் கிழித்ததே வெள்ளிக்கிழமை காலையில்தான். எல்லா நகல்களையும் ஒரு கட்டம் கீழே நகர்த்தி வைத்தேன். ஒண்ணுக்கு ஒண்ணும், ரெண்டுக்கு ரெண்டும், அழுகைக்கு அழுகையும் வந்து உட்கார்ந்தன. தங்கை என் தோளைப் பிடித்து நசுக்கிவிட்டாள்.

சில தாள்கள் மட்டும் அப்போதும் சேரவில்லை. அம்மா திருச்செந்தூர் போய்விட்டு வந்து, சேர்ந்துபோன தாள்களை மொத்தமாகக் கிழித்த சமயத்துத் தாள்கள் அவை. ஒன்றில் இரண்டு மிஸ்டு கால் என்று இருந்தது, சேர்த்துக்கொண்டால் நமக்கு நல்லதுதான். ஆனால் வக்கீலம்மாவின் குரல் காதில் இருந்தது. 'நாள் தெரியாது' என்று எழுதி ஒதுக்கி வைத்தேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்தேன். அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தக் கம்பி. கையில் நீலப் பேனா.

அச்சடித்த வியாழக்கிழமையை இரண்டு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 'வெள்ளி' என்று எழுதியிருந்தாள். மேலும் ஐந்தாறு தாள்களில் அதே மாதிரி, அழுத்தி அழுத்தி, பின்பக்கம் துருத்துகிற அளவுக்கு.

"சரி பண்ணிட்டேன்" என்றாள். "இனிமே யாரும் கொற சொல்ல மாட்டாவ."

"அய்யோ, கெடுத்தியே, கெடுத்தியே!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "போலியா எழுதினோம்னு ஜெயில்ல போடட்டும், போய்க் கெட! உன் பேத்தி அங்கனயே கெடக்கட்டும்!"

அம்மா பேனாவை மூடினாள். மூடி சரியாக விழவில்லை. திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருந்தாள். தப்பு செய்துவிட்ட பயத்தில் அல்ல, தப்பைத் திருத்தவும் தனக்குத் தெரியவில்லையே என்ற வெட்கத்தில் அழுதாள். தங்கை வந்து என்னைத் தள்ளிவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள்.

வக்கீலம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் தன் போனில் நான் அனுப்பிய படங்களைத் திறந்து பார்த்தார். "மறைக்கக் கூடாது. நாமளே சொல்லிருவோம். நீ அனுப்புன படத்துல சுத்தமா இருக்குல்லா? அது எப்ப எனக்கு வந்ததுன்னும் இருக்கு" என்றார். தேதி எப்படித் தவறியது, பேனா எப்படிப் பட்டது என்று இரண்டையும் விளக்கிக் கூடுதலாக ஒரு மனு போட்டார். எந்தப் போன், யார் கையில் இருந்தது, படத்தை எடுத்தது யார் என்பதற்கெல்லாம், போன் ஆதாரத்தோடு சேர்த்து வைக்கவேண்டிய சான்றிதழில் நானும் அம்மாவும் கையெழுத்துப் போட்டோம்.

அம்மாவைக் கூண்டில் ஏற்றிய அன்று எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்தது அந்த அடித்த தாளைத்தான். தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

"இது யார் எழுத்து?"

"எம் எழுத்துதான்."

"வியாழன வெள்ளின்னு திருத்துனது?"

"நான்தான். மூத்த மக சண்ட போட்டா. பொறவுதான் தெரியும், திருத்தக் கூடாதுன்னு."

"அப்ப உங்க வசதிக்கு எந்த நாள வேணும்னாலும் எழுதுவீங்க?"

அம்மா மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எங்கள் வக்கீலம்மா எழுந்து, பேனா படாத ஒரு தாளை நீதித்துறை நடுவரிடம் கொடுத்தார். போகித் தாள். நடுவர் முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், திரும்ப முன்பக்கம் பார்த்தார்.

"பாட்டியம்மா, போகி அன்னைக்கா பொங்கல் வச்சீங்க?"

"ஐயா, அது எப்பிடி வைக்க?" அம்மா மரச்சட்டத்திலிருந்து கையை எடுத்துவிட்டாள். "காலைல தேதி கிழிப்பேன்லா. கிழிச்ச தாளு நேத்து உள்ளது. அதுலதான் இன்னைக்கு நடந்தத எழுதுவேன். புதுத் தாள எதுக்குக் கெடுக்க?"

யாரோ சிரித்தார்கள். நடுவர் சிரிக்கவில்லை. நான் போட்ட அட்டவணையை வாங்கி, அம்மா போனையும் தன் முன்னால் வைக்கச் சொல்லி, அங்கங்கே ஒரு வரியைத் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டார். 'நாள் தெரியாது' என்றிருந்த இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு அந்த வெள்ளிக்கிழமைக் குரலைப் போடச் சொன்னார். பிள்ள உள்ள கெடக்கா, கத்துதா என்ற இடம் வந்தபோது, அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தங்கை அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன் அவள் அவனை அப்படி நேராகப் பார்த்து நான் கண்டதில்லை.

பிள்ளை தாயிடம் இருக்கவேண்டும் என்று இடைக்கால உத்தரவு வந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. ஞாயிறுதோறும் தகப்பன் கூட்டிப்போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விடலாம் என்றும் அதே உத்தரவில் இருந்தது. வக்கீலம்மா, பெற்றவனுக்கு அந்த உரிமை உண்டு, அவன் பிள்ளையை அடித்ததாக நம்மிடம் ஒன்றும் இல்லையே என்றார். உண்மைதான், இல்லை.

பிள்ளை வந்தாள். மெலிந்து, தலையில் ஈரும் பேனுமாக, ஒரு வார்த்தை பேசாமல். போன் மணியடித்தால் மட்டும் சட்டென்று திரும்பிப் பார்ப்பாள். தங்கை அவள் தலையை வாரி, பையிலிருந்த அந்த ரிப்பனைக் கட்டிவிட்டாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் பைக்கில் வந்து கூட்டிக்கொண்டு போனான். நாங்கள் மூன்று பேரும் சாப்பிடவில்லை. தங்கை வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் போன் அடித்தது. ஒரே ஒரு மணி. கட்டாகிவிட்டது. அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். அவன் நம்பர்.

"தப்பா அமுங்கியிருக்கும்" என்றேன்.

"இல்லக்கா" என்றாள் தங்கை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவிய போன்ல பிள்ள கேம் விளாண்டுக்கிட்டு இருப்பா. இது அவதான். நான் ஒளிச்சு ஒளிச்சுத்தான மிஸ்டு கால் அடிச்சேன். அவளுக்கு நான் சொல்லித் தரலியே. சின்னப் பிள்ளைக்கு இது எதுக்குக்கா தெரியணும்?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அம்மா பக்கத்தில் கிடந்த தாளை எடுத்தாள். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. பின்பக்கத்தில் முதலில் இன்றைய தேதியை, கிழமையை, தன் கையால் எழுதினாள். அதன் கீழே, 'பிள்ள. ஒண்ணு' என்று எழுதினாள். பேனாவை மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். பைக் சத்தம் கேட்கிறவரை நாங்கள் மூன்று பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம், இரண்டாவது வந்துவிடக் கூடாதே என்று.